துணையில்லாத ஒரு பின்னம்

ஒன்றோடு அரையைக் கூட்டுங்கள். அதோடு மூன்றில் ஒரு பங்கு, பிறகு நான்கில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு என்று வரிசையாகக் கூட்டிக்கொண்டே போங்கள். தொடக்கத்தில் 1, அடுத்து 1.5, அடுத்து 1.8333. நான்காவது உறுப்பு சேர்ந்ததும் கூட்டுத்தொகை 2.0833 ஆகி இரண்டைத் தாண்டிவிடுகிறது. மூன்றைத் தாண்டப் பதினோரு உறுப்புகள் வேண்டும். அப்போது கிடைப்பது 3.0199. நான்கைத் தாண்ட 31 உறுப்புகள். ஐந்தைத் தாண்ட 83. தாண்டிய இடத்தில் தொகை 5.00207.

இப்படிக் கிடைக்கும் தொகைகளுக்குக் கணிதத்தில் இசை எண்கள் என்று பெயர். மீட்டிய தந்தியின் முழு நீளம், அதில் பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்ற அளவுகளிலிருந்து எழும் சுரங்களின் தொடர்பால் வந்த பெயர் அது. இந்தக் கட்டுரைக்கு இசை தேவையில்லை. நமக்கு வேண்டியது ஒரே கேள்வி: முதல் தொகையான 1-ஐ விட்டுவிட்டால், இந்த எண்களில் ஏதாவது ஒன்று எப்போதாவது மிச்சம் மீதி இல்லாமல் முழு எண்ணாக வந்து நிற்குமா?

நிற்க வாய்ப்பு நிறைய இருப்பதுபோலத்தான் தோன்றும். ஏனென்றால் இந்தத் தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. பதினான்காம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் நிக்கோல் ஒரேம் இதை அழகாகக் காட்டினார். 1/3, 1/4 இரண்டும் சேர்ந்தால் அரைக்கு மேல். 1/5 முதல் 1/8 வரையுள்ள நான்கும் ஒவ்வொன்றும் 1/8-க்குக் குறையாதவை, ஆகவே அவையும் சேர்ந்து அரைக்கு மேல். அடுத்த எட்டும் அப்படியே, அதற்கடுத்த பதினாறும் அப்படியே. இப்படி அரை அரையாகச் சேர்ந்துகொண்டே போகும் தொகை எந்த முழு எண்ணையும் என்றாவது ஒருநாள் தாண்டியே தீரும்.

தாண்டுவது வேறு, அதன் மேலேயே கால் பதிப்பது வேறு. போகப்போக அடிகள் சிறுத்துக்கொண்டே போவதால், தாண்டும் இடத்தில் இடைவெளி மயிரிழையாகிறது. 12,366 உறுப்புகளைக் கூட்டினால் 9.99996 வரும். இன்னும் ஒன்றைச் சேர்த்தால் 10.00004. பத்துக்கே இந்த நெருக்கம். தொகை நூறைத் தாண்ட எத்தனை உறுப்புகள் வேண்டும் என்பதும் கணக்கிடப்பட்டிருக்கிறது. அது 15092688622113788323693563264538101449859497 என்ற 44 இலக்க எண். அந்த இடத்தில் கடைசியாகச் சேரும் பின்னத்தைத் தசமத்தில் எழுதினால், புள்ளிக்குப் பிறகு 43 பூஜ்யங்கள் போட்ட பின்தான் முதல் இலக்கம் வரும். தொகை சரியாக 100 ஆகிவிட்டதா, நூலிழையில் தவறியதா என்று எந்தக் கால்குலேட்டரும் சொல்லாது. கணினியில் நீட்டி நீட்டிக் கணக்கிட்டாலும் நூறுக்கு மட்டும்தான் விடை கிடைக்கும். 101-க்கு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆயிரத்துக்கு முயலவே முடியாது.

ஆனால் கேள்விக்கு விடை தெரியும். முதல் எண்ணைத் தவிர இசை எண்களில் ஒன்றுகூட முழு எண் அல்ல. லியோபோல்ட் தைசிங்கர் 1915-ல் இதை நிறுவி வெளியிட்டார். இன்று இதற்குச் சொல்லப்படும் நிறுவல் ஒரு தபால் அட்டையில் அடங்கிவிடும். பின்னங்களைக் கூட்டத் தெரிந்த எட்டாம் வகுப்பு மாணவருக்கும் அது புரியும். அதில் எந்தக் கூட்டலையும் செய்து முடிப்பதில்லை. பகுதியில், அதாவது பின்னத்தின் கீழ் எண்ணில், இரண்டு என்ற காரணி எத்தனை முறை ஒளிந்திருக்கிறது என்பதை மட்டும் கண்காணித்தால் போதும்.

முதலில் சில இசை எண்களைத் தசமமாக அல்லாமல் பின்னமாகவே, சுருக்கிய வடிவில் எழுதிப் பார்ப்போம்: 3/2, 11/6, 25/12, 137/60, 49/20, 363/140, 761/280, 7129/2520, 7381/2520. இவை இரண்டாவதிலிருந்து பத்தாவது வரை. மேலே வருவதெல்லாம் ஒற்றைப்படை, கீழே வருவதெல்லாம் இரட்டைப்படை. இது என்றைக்கும் மாறாது என்று காட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஒற்றைப்படை எண்ணை இரட்டைப்படை எண்ணால் மீதியின்றி வகுக்க முடியாது; ஆகவே அப்படிப்பட்ட பின்னம் முழு எண்ணாக இருக்க வழியில்லை.

இதைப் பார்த்ததும் பலருக்கும் தோன்றுகிற முதல் யோசனை, ஒவ்வொரு அடியாகப் போய்ப் பார்ப்பது. கையில் இருப்பது ஒற்றை மேல், இரட்டை கீழ். அதோடு அடுத்த பின்னத்தைச் சேர்த்த பிறகும் அதே நிலை இருக்குமா? சேர்க்கும் பின்னத்தின் பகுதி ஒற்றைப்படை என்றால் இருக்கும். 25/12-உடன் 1/5-ஐச் சேர்க்கும்போது மேலே 25 × 5 + 12 வருகிறது. ஒற்றையும் இரட்டையும் சேர்ந்து ஒற்றை. கீழே 12 × 5, அது இரட்டைதான். சிக்கல் வருவது பகுதி இரட்டைப்படையாக இருக்கும்போது. 1/2 என்பதும் ஒற்றை மேல், இரட்டை கீழ். 1/6 என்பதும் அப்படியே. இரண்டையும் கூட்டினால் 4/6, சுருக்கினால் 2/3. மேலே இரட்டை, கீழே ஒற்றை, எல்லாம் தலைகீழாகிவிட்டது. ஆகவே "இரட்டைப்படை" என்ற செய்தி மட்டும் போதாது. எவ்வளவு இரட்டைத்தன்மை என்று அளக்க வேண்டும்.

அளப்பது எளிது. ஓர் எண்ணை இரண்டால் எத்தனை முறை மீதியில்லாமல் வகுக்கலாம் என்று பாருங்கள். 12-ஐ வகுத்தால் 6, பிறகு 3, அதற்கு மேல் முடியாது; ஆகவே 12-ல் இரண்டு இரண்டுகள். 40-ல் மூன்று. 16-ல் நான்கு. ஒற்றைப்படை எண் எதிலும் ஒன்றுமில்லை.

இனி இரண்டு பின்னங்களைக் கூட்டும்போது இந்த எண்ணிக்கைக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம். 1/8-ஐயும் 1/12-ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டில் மூன்று இரண்டுகள், பன்னிரண்டில் இரண்டு. பொதுப் பகுதி 24. 1/8 என்பது 3/24 ஆகும், 1/12 என்பது 2/24 ஆகும். கூட்டினால் 5/24. இருபத்து நான்கில் மூன்று இரண்டுகள் அப்படியே இருக்கின்றன. இரண்டுகளை அதிகம் வைத்திருந்த 1/8-க்கு மேலே கிடைத்தது 3, ஒற்றைப்படை. குறைவாக வைத்திருந்த 1/12-க்குக் கிடைத்தது 2, இரட்டைப்படை. இரண்டும் சேர்ந்தால் ஒற்றைப்படை. மேலே ஒற்றைப்படை வந்துவிட்டால், கீழே உள்ள இரண்டுகளில் ஒன்றைக்கூட அடித்துச் சுருக்க முடியாது. சமமில்லாத போட்டியில் பெரியதே நிலைக்கிறது.

போட்டி சமமாக இருந்தால் கதை வேறு. 1/4-இலும் 1/12-இலும் ஆளுக்கு இரண்டு இரண்டுகள். கூட்டினால் 3/12 + 1/12 = 4/12, அதாவது 1/3. இரண்டு பக்கமும் ஒற்றைப்படையாக வந்ததால் கூட்டுத்தொகை இரட்டைப்படையாகி, கீழே இருந்த இரண்டுகள் மொத்தமும் காணாமல் போயின. சற்று முன் 1/2-உம் 1/6-உம் செய்ததும் இதுதான்.

நிறுவலின் உயிர்நாடி இங்கே இருக்கிறது. ஒரு வரிசையில் எத்தனை பின்னங்கள் இருந்தாலும் சரி, இரண்டுகளை மிக அதிகமாக வைத்திருக்கும் பகுதி ஒன்றே ஒன்றாக இருந்தால், அதற்குச் சமமான துணை வேறெங்கும் இல்லையென்றால், அந்த இரண்டுகள் அழியாது.

பத்தாவது எண்ணில் நடப்பது

1 முதல் 10 வரை எழுதிப் பார்ப்போம். 2-ல் ஓர் இரண்டு, 4-ல் இரண்டு, 6-ல் ஒன்று, 8-ல் மூன்று, 10-ல் ஒன்று. மற்றவை ஒற்றைப்படை. அதிக இரண்டுகளைக் கொண்டது எட்டு; அதற்குப் போட்டியாக இன்னொரு எண் இல்லை. பத்துக்குள் எட்டின் மடங்கு எட்டு மட்டும்தான். அடுத்த மடங்கான 16 எல்லைக்கு வெளியே இருக்கிறது.

1 முதல் 10 வரையுள்ள எண்களின் மீச்சிறு பொது மடங்கு 2520. அதைப் பிரித்தால் 8 × 315. எட்டு என்பது இரண்டுகளின் பங்கு, 315 என்பது ஒற்றைப்படைப் பங்கு. வழக்கமாக இந்த 2520-ஆல்தான் எல்லாப் பின்னங்களையும் பெருக்கி முழு எண்களாக்குவோம். இப்போது வேண்டுமென்றே ஓர் இரண்டைக் குறைத்து, அதன் பாதியான 1260-ஆல் பெருக்குவோம். வரிசையாக வருவன: 1260, 630, 420, 315, 252, 210, 180, 157.5, 140, 126.

எட்டாவது இடத்தைப் பாருங்கள். ஒன்பது எண்கள் முழுமையாக வந்துவிட்டன. 1/8 மட்டும் அரையைச் சுமந்துகொண்டு நிற்கிறது. மளிகைக் கணக்கில் பத்துச் சாமான்களில் ஒன்பதின் விலை முழு ரூபாயாகவும் ஒன்றின் விலை மட்டும் ஐம்பது காசோடும் இருந்தால், மொத்தத் தொகை முழு ரூபாயாக வருமா? ஐம்பது காசு போட்ட இன்னொரு சாமான் இருந்தால்தான் அது சரியாகும். இங்கே அந்த இன்னொன்று இல்லை. மொத்தம் 3690.5.

இப்போது முடிவுக்கு வரலாம். பத்தாவது இசை எண் முழு எண்ணாக இருந்திருந்தால், அதை 1260 என்ற முழு எண்ணால் பெருக்கியபோதும் முழு எண்தான் கிடைத்திருக்க வேண்டும். கிடைத்ததோ அரையோடு முடியும் எண். ஆகவே அது முழு எண் அல்ல. நான் கூட்டிப் பார்த்து 3690.5 என்று எழுதியது வாசகர் சரிபார்ப்பதற்காகத்தான். நிறுவலுக்கு அந்தக் கூட்டல் தேவையே இல்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் அரை வருகிறது என்று தெரிந்தபோதே எல்லாம் முடிந்துவிட்டது. (3690.5-ஐ இரண்டால் பெருக்கினால் 7381. முன்னே எழுதிய 7381/2520-ன் தொகுதி அதுதான்.)

பத்தை எடுத்துவிட்டு எந்த எண்ணை வைத்தாலும் இதே வாதம் நடக்கும். n என்ற எண்ணை, ஒன்றைவிடப் பெரியதாக, எடுத்துக்கொள்ளுங்கள். 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துப் போகும் வரிசையில் n-ஐத் தாண்டாத மிகப்பெரிய எண்ணை 2^k என்று வைத்துக்கொள்வோம். n-க்குள் 2^k-ன் மடங்கு வேறு உண்டா? அடுத்த மடங்கு 2 × 2^k. அது இரட்டிப்பு வரிசையில் அடுத்த எண்ணே. அது n-ஐவிடப் பெரியது என்பதால்தானே 2^k-ஐத் தேர்ந்தோம். ஆக, 1 முதல் n வரை k இரண்டுகளைக் கொண்ட எண் 2^k ஒன்றே. மற்ற எல்லாவற்றிலும் அதைவிடக் குறைவு.

இந்த எண்களின் மீச்சிறு பொது மடங்கு 2^k × M என்று அமையும், M ஒற்றைப்படை. அதன் பாதியால் எல்லாவற்றையும் பெருக்குங்கள். மற்றப் பின்னங்கள் அனைத்தும் முழு எண்களாகும். 1/2^k மட்டும் M/2 ஆகும். ஒற்றைப்படையின் பாதி முழு எண் அல்ல. மொத்தமும் முழு எண் அல்ல. முடிந்தது.

இந்தச் சில வரிகள் நாம் கேட்டதைவிட அதிகமாகவே தருகின்றன. சுருக்கிய வடிவில் பகுதியில் எத்தனை இரண்டுகள் இருக்கும் என்பதையும் துல்லியமாகச் சொல்லிவிடுகின்றன: சரியாக k. நூறைத் தாண்டவைக்கும் அந்த 44 இலக்க எண்ணை இப்போது மறுபடி பாருங்கள். இரண்டை 143 முறை பெருக்கிய எண் அதற்குள் அடங்குகிறது. 144 முறை பெருக்கினால் அதை மிஞ்சிவிடுகிறது. ஆகவே உலகில் யாரும் எழுதிப் பார்த்திராத அந்தப் பிரம்மாண்டப் பின்னத்தின் பகுதியில் 143 இரண்டுகள் இருக்கின்றன, ஒன்று கூடவோ குறையவோ இல்லை. தொகுதி ஒற்றைப்படை. அந்தத் தொகை 100 அல்ல.

மூன்று ஏன் உதவாது?

இரண்டைத் தேர்ந்தது தற்செயலா என்று கேட்கலாம். மூன்றையோ ஐந்தையோ கண்காணித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆறாவது இசை எண்ணில் விடை இருக்கிறது. ஐந்தாவது எண் 137/60. பகுதியில் ஒரு மூன்று உண்டு. அதோடு 1/6-ஐச் சேர்த்ததும் 49/20 ஆகிறது. இருபதில் மூன்று இல்லை. எங்கே போயிற்று? ஆறுக்குள் மூன்றின் மடங்குகள் இரண்டு: 3, 6. அவற்றின் பங்கு 1/3 + 1/6 = 1/2. மூன்றுகள் ஒன்றையொன்று விழுங்கிவிட்டன. மூன்றின் அடுக்குகளில் 3-க்கும் 9-க்கும் நடுவே 6 உட்கார்ந்திருக்கிறது. 9-க்கும் 27-க்கும் நடுவே 18. துணை வந்து சேர இடம் இருக்கிறது. இரண்டின் அடுக்குகளுக்கு நடுவே அந்த இடம் இல்லை. 8-ன் அடுத்த மடங்கு 16, அதுவே அடுத்த அடுக்கு. எந்த எண்ணுக்கும் அடுத்த மடங்கு அதன் இருமடங்குதான். அந்த இருமடங்கே அடுத்த அடுக்காகவும் அமைவது இரண்டு என்ற பகா எண்ணுக்கு மட்டுமே. இந்த நிறுவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பகா எண்களிலேயே மிகச் சிறியதான இரண்டு, சிறியது என்ற அதே காரணத்தால்தான் இந்த வேலைக்குப் பொருத்தமாகிறது.

ஐந்தும் நம்பத்தக்கதல்ல. இருபதாவது இசை எண் 55835135/15519504. அதன் பகுதியை ஐந்தால் வகுக்க முடியாது என்பது கடைசி இலக்கத்திலேயே தெரிகிறது. இருபதுக்குள் ஐந்தின் மடங்குகள் 5, 10, 15, 20. அவற்றின் பங்கு ஐந்தில் ஒரு பங்கு பெருக்கல் 1 + 1/2 + 1/3 + 1/4, அதாவது 1/5 × 25/12. இருபத்தைந்து வந்து ஐந்தை அடித்துவிட, 5/12 மிஞ்சுகிறது. நான்காவது இசை எண்ணின் மேலே 25, ஆறாவதின் மேலே 49, பத்தாவதின் மேலே 7381, அது 121 × 61. ஐந்து, ஏழு, பதினொன்று ஆகிய பகா எண்களின் வர்க்கங்கள் அவற்றுக்கு ஒரு படி முந்தைய இசை எண்ணில் வந்து உட்காருகின்றன. மூன்றைவிடப் பெரிய எல்லாப் பகா எண்களுக்கும் இது உண்மை என்று ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஜோசப் வோல்ஸ்டன்ஹோம் 1862-ல் நிறுவினார். ஆகவே ஐந்திலிருந்து தொடங்கி எந்தப் பகா எண்ணும் ஏதோ ஒரு கட்டத்தில் பகுதியிலிருந்து கழன்றுகொள்கிறது. முதல் எண்ணுக்குப் பிறகு ஒருபோதும் கழலாதது இரண்டு மட்டும்தான்.

வேறு வழியே இல்லையா என்றால், ஒன்று உண்டு. n-ஐத் தாண்டாத மிகப்பெரிய பகா எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இருமடங்கு n-க்குள் வராது என்று காட்டிவிட்டால், அதற்கும் துணை இல்லை; அதே வாதம் ஓடும். பத்துக்குள் 7 அப்படிப்பட்டது, 14 வெளியே. ஆனால் எப்போதும் அப்படித்தான் என்பதற்கு, எந்த எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் நடுவே ஒரு பகா எண் இருந்தே தீரும் என்ற பெர்ட்ராண்டின் கூற்று தேவைப்படுகிறது. அது எளிய விஷயமல்ல. முதலில் நிறுவியவர் ரஷ்யாவின் செபிஷேவ். நம் ராமானுஜன் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் 1919-ல் இரண்டே பக்கங்களில் அதற்குப் புதிய நிறுவல் தந்தார். எர்டெஷ் 1932-ல் மேலும் எளிமையாக்கினார். அவ்வளவு கனமான கருவி தரும் அதே முடிவை, இருமடங்கு என்பது அடுத்த அடுக்கு என்ற ஒற்றைக் கவனிப்பு தந்துவிடுகிறது.

இடையில் தொடங்கினால்

ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1/4 முதல் 1/9 வரையுள்ள ஆறு பின்னங்களைக் கூட்டினால் 0.9956 வருகிறது. ஒன்றுக்கு மிக அருகில். இப்படி வரிசையின் நடுவே ஏதோ ஓரிடத்தில் தொடங்கி ஏதோ ஓரிடத்தில் நிறுத்தினால் முழு எண் கிடைக்குமா? குறைந்தது இரண்டு பின்னங்கள் இருந்தால் ஒருபோதும் கிடைக்காது என்று ஹங்கேரியின் யோஷெஃப் கூர்ஷாக் 1918-ல் காட்டினார்.

நம் பழைய வாதம் இங்கே அப்படியே பொருந்தாது, ஏனென்றால் எடுத்த துண்டில் இரண்டின் அடுக்கு எதுவும் இல்லாமலே போகலாம். 17 முதல் 30 வரை எடுத்தால் 16-உம் இல்லை, 32-உம் இல்லை. ஆனாலும் அதிக இரண்டுகளைக் கொண்ட எண் ஒன்றே ஒன்றுதான்: 24. ஏன்? ஒரு துண்டில் மிக அதிகமாக k இரண்டுகள்தான் இருக்கின்றன, அப்படிப்பட்ட எண்கள் இரண்டு இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் 2^k பெருக்கல் ஓர் ஒற்றைப்படை என்ற வடிவில் இருக்கும். இரண்டு ஒற்றைப்படைகளுக்கு நடுவே ஓர் இரட்டைப்படை இருந்தே தீரும். 2^k-ஐ அந்த இரட்டைப்படையால் பெருக்கிய எண் இரண்டுக்கும் இடையில், அதாவது அதே துண்டுக்குள் விழும். அதில் k-ஐவிட அதிக இரண்டுகள் இருக்கும். மிக அதிகம் k என்று சொன்னதோடு இது மோதுகிறது. எடுத்துக்காட்டாக, 12-இலும் 20-இலும் இரண்டு இரண்டுகள்; ஆனால் இரண்டையும் உள்ளடக்கிய எந்தத் தொடர்ச்சியான துண்டிலும் நான்கு இரண்டுகளோடு 16 நின்றுகொண்டிருக்கும்.

அந்த 0.9956-ஐப் பின்னமாக எழுதினால் 2509/2520. கீழே 8 × 315, மேலே ஒற்றைப்படை. எட்டு தன் வேலையைச் செய்திருக்கிறது.

இந்த வாதத்துக்கு எல்லை எது என்பதும் இதே இடத்தில் தெரிகிறது. தொடர்ச்சி அறுந்தால் வாதம் அறும். 1/2 + 1/3 + 1/6 என்பது சரியாக 1. இங்கே 2-இலும் 6-இலும் ஆளுக்கு ஓர் இரண்டு. நடுவில் இருந்திருக்க வேண்டிய 4-ஐ நாம் விட்டுவிட்டோம். 1/2 + 1/4 + 1/6 + 1/12 என்பதும் 1 தான். இங்கே 4-உம் 12-உம் ஜோடி. இடையே 8 இல்லை. முழு எண் கிடைத்த எந்தக் கூட்டலைப் பார்த்தாலும், பகுதிகளில் இரட்டைப்படை ஒன்றாவது இருந்தால், உச்ச எண்ணிக்கையில் இரண்டுகளைக் கொண்டது ஒன்றுக்கு மேல் இருப்பதைக் காணலாம். ஒன்று மட்டும் இருந்தால் முழு எண் வராது என்பதைத்தானே நிறுவினோம்.

இரட்டைப்படைகளே இல்லாத வரிசை என்றால்? 1 + 1/3 + 1/5 + 1/7 என்று ஒற்றைப்படைப் பகுதிகளை மட்டும் கூட்டிப்போனால் இரண்டால் பயனில்லை, கண்காணிக்க எதுவுமே இல்லை. 1/15 வரை கூட்டினால் தொகை 2.0218 ஆகி இரண்டைத் தாண்டுகிறது. இங்கே முன்பு கைவிட்ட மூன்று திரும்பி வந்து கைகொடுக்கிறது. மூன்றின் அடுக்குகளுக்கு நடுவே துணையாக வந்து உட்கார்ந்தவை 6, 18 போன்ற இருமடங்குகள். அவை இரட்டைப்படைகள், இந்த வரிசையில் அவற்றுக்கு இடமில்லை. 15 வரை எடுத்தால் 9-ன் மடங்கு 9 மட்டும்தான், வரிசையில் அடுத்து வருவது 27. இந்த எட்டுப் பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கு 45045. அதில் மூன்றில் ஒரு பங்கான 15015-ஆல் எல்லாவற்றையும் பெருக்கினால், ஏழு பின்னங்கள் முழு எண்களாகின்றன. 1/9 மட்டும் 1668-உம் மூன்றில் ஒரு பங்குமாக நிற்கிறது. மொத்தம் முழு எண்ணாக வழியில்லை.

இடைவெளி இரண்டாக இல்லாமல் மூன்று, ஏழு என்று எந்தச் சீரான அளவாக இருந்தாலும், அப்படிப்பட்ட எண்களின் தலைகீழிகளைக் குறைந்தது இரண்டாவது கூட்டினால் முழு எண் வராது என்று எர்டெஷ் 1932-ல் நிறுவினார். பின்னர் அவரும் ஐவன் நிவனும் 1946-ல் இன்னொரு பக்கம் திரும்பினர். 1, 1/2, 1/3 என்று 1/n வரையுள்ள எண்களை ஒவ்வொன்றாகக் கூட்டுவதற்குப் பதில், இரண்டிரண்டாகப் பெருக்கி எல்லாப் பெருக்கல்களையும் கூட்டினால் என்ன வரும்? மும்மூன்றாகப் பெருக்கினால்? மிகச் சில n-களைத் தவிர மற்றவற்றில் முழு எண் வராது என்று அவர்கள் காட்டினர். அந்தச் சில எவை என்பது 2012-ல்தான் சீனாவின் யோங்-காவ் சென், மின் டாங் இருவரின் நிறுவலால் முடிவுக்கு வந்தது. நான்கு எண்களிலிருந்து தொடங்கினால் எதுவுமே முழு எண் அல்ல. நான்கு எண்களை இரண்டிரண்டாகப் பெருக்கிக் கூட்டினால் 35/24 வருகிறது. வெறும் 1-ஐத் தள்ளிவிட்டால் மிஞ்சும் விதிவிலக்கு ஒன்றே ஒன்று. 1, 1/2, 1/3 ஆகிய மூன்றையும் இரண்டிரண்டாகப் பெருக்கினால் கிடைப்பவை 1/2, 1/3, 1/6; அவற்றின் கூட்டுத்தொகை 1.